M உள்ளே விழுந்த கதை

விஜிதாவுக்குக் கணிதம் வராது என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. அவளே சொல்லிக்கொள்வாள். அதையும் வெட்கப்பட்டுச் சொல்லமாட்டாள். சிலருக்கு மீன் ஒத்துவராததுபோலத் தனக்குக் கணிதம் ஒத்துவராது என்பாள். இலுப்பைக்கடவை முன்பள்ளியில் பதினொரு வருடமாகப் பிள்ளைகளுக்கு ஒன்று முதல் இருபது வரை எண்ணக் கற்றுக்கொடுத்தவள் அவள். இருபதுக்கு மேல் யாரும் அவளைக் கேட்டதுமில்லை.

அந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு கடிதம். பள்ளிப் படிப்பின் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடையாத முன்பள்ளி ஆசிரியைகள் இந்த வருடப் பரீட்சையிலாவது சித்தியடைய வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தவணையிலிருந்து வரத் தேவையில்லை. கடிதம் மரியாதையான தமிழில்தான் எழுதப்பட்டிருந்தது. சாரம் அவ்வளவுதான்.

விஜிதா சாதாரண தரம் எழுதவேண்டிய வயதில் குடும்பம் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எழுதியபோது மற்றப் பாடங்கள் வந்தன, கணிதம் வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. முன்பள்ளி போய்விட்டால் அவளுக்கு இருப்பது வயலில் களை பிடுங்கும் வேலை. அது கேவலமான வேலை என்று அவள் நினைக்கவில்லை. அவளுடைய தாய் இன்றைக்கும் செய்கிறாள். ஆனால் காலையில் இருபத்திரண்டு பிள்ளைகள் "ரீச்சர்" என்று கத்திக்கொண்டு ஓடிவரும் அந்தச் சத்தத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"மூண்டாம் தரமும் எழுதிப் பார் விஜி," என்றான் கணவன் பிரதீபன். "விழுந்தா விழட்டும், எழுதாமலே விழக்கூடாது."

"நீங்கள் எழுதேல்லைத்தானே, சுகமாச் சொல்லுவீங்கள்," என்றாள் அவள். ஆனாலும் விண்ணப்பத்தை நிரப்பினாள்.

மன்னார் ரவுணில் சனிக்கிழமைகளில் தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கென்று கணித வகுப்பு நடத்துபவர் றொட்னி சேர். பதினொரு பேர் வந்தார்கள். ஒருவரும் சின்னப்பிள்ளை இல்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரக் கணிதம் தேவைப்பட்ட சசிகரன், அரசாங்கக் கந்தோரில் சிற்றூழியராக இருந்து ஒரு படி ஏற ஆசைப்பட்ட நிறோஜன், சிலாவத்துறையிலிருந்து வரும் ஸரீனா, இன்னும் சிலர். ஸரீனாவும் முன்பள்ளி ஆசிரியைதான். அதே கடிதம் அவளுக்கும் வந்திருந்தது. முதல் நாளே இருவரும் ஒரே வாங்கில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் "ரீச்சர்" என்று அழைத்துக்கொண்டார்கள். அந்த வகுப்பில் தங்களையும் ரீச்சர் என்று கூப்பிட இன்னொரு ஆள் இருந்தது இருவருக்கும் ஆறுதல்.

றொட்னி சேர் நல்லவர், கெட்டிக்காரர், அவசரக்காரர். பாடத்திட்டம் முழுவதையும் பத்துச் சனிக்கிழமைக்குள் அடக்க வேண்டும் என்றால் யாரும் அவசரக்காரராகத்தான் ஆவார்கள். அவருடைய கணக்கு எளிமையானது: எல்லாவற்றையும் படிக்காதே, மார்க்ஸ் எங்கே சும்மா கிடக்கிறதோ அங்கே குனிந்து எடு. சும்மா கிடக்கும் இடங்களில் முதலாவது, கவராயத்தால் படம் கீறும் கேத்திர கணித அமைப்பு. பத்து மார்க்ஸ். அதிலும் அவர் அடித்துச் சொன்னது ஒன்று: வெளிப்புள்ளியிலிருந்து வட்டத்துக்குத் தொடலி, அதாவது வட்டத்தை ஓரிடத்தில் மட்டும் தொட்டுப்போகும் கோடு.

"மூளை வேண்டாம், கை போதும்," என்பார். "ஏழு படி. ஏழையும் பாட்டு மாதிரிப் பாடமாக்குங்கோ."

வட்டம் கீறு, மையம் O. வெளியில் P, OPயை இணை. கவராயத்தைப் பாதிக்கு மேல் திற. O இல் குத்தி மேலும் கீழும் வில், P இல் குத்தி மேலும் கீழும் வில். வில்கள் வெட்டும் இடங்களை இணை, OPயை அது வெட்டுமிடம் M. M இல் குத்தி O வரை திறந்து இரண்டாவது வட்டம். இரண்டு வட்டங்களும் வெட்டுமிடம் T, அதை Pயோடு இணை. தொடலி வந்துவிட்டது. பதினொரு பேரும் தாளத்தோடு சொன்னார்கள். ஜன்னலுக்கு வெளியே போகிறவர்கள் ஏதோ செபக்கூட்டம் என்று நினைத்திருப்பார்கள்.

சேர் எப்போதும் ஆரை, அதாவது மையத்திலிருந்து வட்டத்தின் கரைவரை, மூன்று, OP எட்டு என்றுதான் போடுவார். கரும்பலகையில் முப்பதும் எண்பதும் சென்ரிமீற்றர், கொப்பியில் மூன்றும் எட்டும். வேறு காரணம் எதுவுமில்லை. அந்த அளவுக்குப் படம் பக்கத்தின் நடுவில் அழகாக உட்காரும், வில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாது. பத்து வருடமாக மூன்றும் எட்டும் போட்டுப்போட்டு அவருக்கே அது கையில் ஊறிவிட்டது.

விஜிதாவுக்கு இந்த ஏழு படி பிடித்துப்போனது. வாழ்க்கையில் முதல்தடவையாகக் கணிதத்தில் ஒன்று அவள் சொன்னபடி கேட்டது. சமைத்து முடித்தபின் மேசையில் கொப்பியை விரித்து, கொம்பாஸ் பெட்டியைத் திறந்து, ஒரு நாளைக்கு ஐந்து தொடலி கீறினாள். எல்லாம் மூன்றும் எட்டும். இருபது நாளில் அவளுக்கு ஒரு சூட்சுமமும் பிடிபட்டது: M எப்போதும் வட்டத்தின் கரையிலிருந்து சரியாக ஒரு சென்ரிமீற்றர் வெளியே விழும். விழுந்தால் வில் சரி. விழாவிட்டால் கவராயம் நழுவியிருக்கிறது, அழித்துவிட்டுத் திரும்பக் கீற வேண்டும். இந்தச் சோதனையை அவள் வகுப்பில் சொன்னபோது எல்லோரும் அளந்து பார்த்தார்கள். ஒரு சென்ரிமீற்றர்தான். சசிகரன் கைதட்டினான். றொட்னி சேர் "ஓம், ஓம், சரியா வரும்," என்றுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் காதில் அது பாதிதான் விழுந்திருக்கும்.

ஸரீனா மட்டும் கையை உயர்த்தினாள்.

"சேர், அந்த ரெண்டாவது வட்டம் எதுக்கு?"

"T கண்டுபிடிக்க."

"அது விளங்குது சேர். ஏன் அந்த வட்டத்தால T கிடைக்குது எண்டுதான் கேக்கிறன்."

"அரைவட்டத்துக்குள்ள வாற கோணம் செங்கோணம். காரணம் கேட்டா இந்த ஒரு வரியை எழுதிட்டு வாங்கோ, ரெண்டு மார்க்ஸ். விளங்கப் போனா ஒரு கிழமை போகும் பிள்ளை."

"ரீச்சருக்கு எதுக்கும் ஒரு ஏன்," என்று விஜிதா சிரித்தாள். வகுப்பும் சிரித்தது. ஸரீனாவும் சேர்ந்துதான் சிரித்தாள். அதற்குப்பிறகு அவள் கேட்கவில்லை. விஜிதா அந்த ஒரு வரியைக் கொப்பியில் எழுதிச் சிவப்புப் பேனையால் கோடும் போட்டாள். திருமந்திரம்போலப் பாடமாக்கினாள், பொருள் பார்க்கவில்லை.

பரீட்சை மண்டபம் ரவுணில் ஒரு பாடசாலை. இரண்டாம் பத்திரத்துக்கு மூன்று மணித்தியாலம். முதல் இரண்டு மணித்தியாலமும் விஜிதாவுக்கு அவள் எதிர்பார்த்தபடியே போயின, அதாவது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வட்டி வீதக் கணக்கில் பாதி. சமன்பாட்டில் தொடக்கம் மட்டும். வரைபு ஒன்று ஓரளவுக்கு வந்தது. மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். சித்திக்கு இன்னும் ஒரு முழுக் கேள்வி தேவை. ஒன்று, அந்தரங்கமாகத் தனக்கு வரும் என்று வைத்திருந்த புள்ளிவிபரம். இடை காணுகிற கணக்கு, பாதிக்கு மேல் நிச்சயம். மற்றது அமைப்பு. இரண்டுக்கும் நேரமிருந்தது. முதலில் பத்தையும் எடுத்துக்கொண்டு பிறகு மற்றதுக்கு வரலாம் என்று அமைப்புக் கேள்விக்குத் தாளைத் திருப்பினாள்.

தொடலியேதான். றொட்னி சேருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தலாம் என்று தோன்றியது. ஆரை நான்கு சென்ரிமீற்றர். OP ஏழு சென்ரிமீற்றர். P இலிருந்து வட்டத்துக்கு ஒரு தொடலியைக் கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் பயன்படுத்தி அமைக்க. அது தொடலியாவதற்குக் காரணம் தருக. அதன் நீளத்தை அளந்து எழுதுக.

நான்கும் ஏழும். மூன்றும் எட்டும் இல்லை என்பதை அவள் கண் பார்த்தது. பார்த்துவிட்டுப் பொருட்படுத்தவில்லை. வட்டம் கீறினாள். OPயை ஏழுக்கு அளந்து இணைத்தாள். கவராயத்தை ஐந்துக்குத் திறந்தாள். மேல் வில், கீழ் வில், மேல் வில், கீழ் வில். அடிமட்டத்தை வைத்து இணைத்தாள்.

M வட்டத்துக்குள் விழுந்தது.

கரையிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் வெளியே நிற்கவேண்டிய M, கரையைத் தாண்டி அரைச் சென்ரிமீற்றர் உள்ளே நின்றது. கவராயம் நழுவியிருக்கிறது. அழிறப்பரை எடுத்து வில்களை அழித்தாள். ஆணியை இறுக்கினாள். திரும்பக் கீறினாள். M அதே இடத்தில். மூன்றாம் முறை கவராயத்தை ஆறுக்குத் திறந்து கீறினாள். வில்கள் வேறு இடத்தில் வெட்டின, M மட்டும் அசையவில்லை. தாள் அந்த இடத்தில் பஞ்சுபோல் எழும்பத் தொடங்கியது.

"இன்னும் நாற்பது நிமிடம்," என்றார் மேற்பார்வையாளர்.

ஒரு மனம், இதை விட்டுவிட்டுப் புள்ளிவிபரத்துக்குப் போ என்றது. இன்னொரு மனம், பத்து மார்க்ஸை விட்டுவிட்டா போகிறாய் என்றது. விஜிதா முதலாவது மனம் சொன்னதைக் கேட்டிருக்கவேண்டும் என்றுதான் புத்தியுள்ளவர்கள் சொல்வார்கள். அவளோ அடிமட்டத்தை எடுத்து வட்டத்தின் கரையிலிருந்து வெளியே ஒரு சென்ரிமீற்றர் அளந்து அங்கே ஒரு புள்ளி வைத்தாள். M எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நிற்கவைத்தால் சரிதானே. அதில் கவராயத்தைக் குத்தி O வரை திறந்து வட்டம் கீறினாள். வட்டம் P இல் படவில்லை. Pயைத் தாண்டிக் கடலுக்குப் போகிறவன்போலப் போய்விட்டது. சரி என்று P வரை சுருக்கிக் கீறினாள். இப்போது அது Oவைத் தொடவில்லை, ஆனாலும் முதல் வட்டத்தை ஓரிடத்தில் வெட்டியது. அதை T என்று வைத்து Pயோடு இணைத்து நீட்டினாள்.

கோடு வட்டத்துக்குள் புகுந்து மறுபக்கத்தால் வெளியே வந்தது. குருடனுக்கும் தெரியும், அது தொடலி இல்லை.

அழுகை வந்தது. முப்பத்திரண்டு வயதில் பரீட்சை மண்டபத்தில் அழுவது நல்லாயிருக்காது என்று விழுங்கினாள். முன் வரிசையில் ஸரீனாவின் முதுகு தெரிந்தது. அந்த முதுகும் அழிறப்பரோடு ஆடிக்கொண்டிருந்தது.

கடைசியில் விஜிதா எல்லாப் பிள்ளைகளும் செய்கிற கள்ளத்தைச் செய்தாள். அடிமட்டத்தை P இல் வைத்து, மறுமுனையை மெதுவாக நகர்த்தி, அது வட்டத்தைப் பட்டும் படாமலும் தொடும்வரை கொண்டுவந்தாள். தொடலி கண்முன்னால் இருந்தது. இதைக் கீறி, பக்கத்தில் நாலு வில்லைச் சும்மா போட்டுவிட்டால் பார்ப்பவருக்குத் தெரியவா போகிறது? தெரியும் என்று அவளுக்கே தெரிந்தது. பிள்ளை தானே ஊற்றிய தண்ணீரைக் கூரை ஒழுக்கு என்று சொன்னால் எந்த ரீச்சருக்குத் தெரியாது?

ஆனாலும் பென்சிலால் மெல்லியதாக அந்தக் கோட்டைக் கீறினாள். தொட்ட இடத்தைக் குறித்தாள். அதை Oவோடு இணைத்தாள். ஏன் இணைத்தாள் என்று கேட்டால் தெரியாது. கை போதும் என்று பழக்கியிருந்தார்கள், கை செய்தது. பார்த்தால் அந்த மூலை ஒரு கதவு மூலைபோல நிமிர்ந்திருந்தது. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தாள். செங்கோணம்.

தொடலியும் தொடும் இடத்து ஆரையும் செங்கோணம். அது அவளுக்குத் தெரிந்ததுதான், எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் தேடுகிற T எதுவென்றாலும் அது ஒரு செங்கோணத்தின் மூலை. அந்தச் செங்கோணத்தின் ஒரு கால் O இல் முடிகிறது, மற்றக் கால் P இல் முடிகிறது.

சிவப்புக் கோடு போட்ட வரி அப்போதுதான் வாயைத் திறந்தது. அரைவட்டத்துக்குள் வருகிற கோணம் செங்கோணம். எந்த அரைவட்டம்? இத்தனை நாளும் அவள் அதைக் கேட்கவே இல்லை. OPயை விட்டமாகக் கொண்ட அரைவட்டம்! அந்த வட்டத்தில் எங்கே நின்று Oவையும் Pயையும் பார்த்தாலும் செங்கோணம். நிற்கிற இடம் முதலாவது வட்டத்திலும் இருந்துவிட்டால் O இலிருந்து அது வரைக்கும் ஆரை. ஆரையின் நுனியில் செங்கோணமாகப் போகிற கோடு தொடலி. அவ்வளவுதான். இரண்டாவது வட்டம் அதற்குத்தான். அந்த வட்டத்துக்கு மையம் வேண்டுமென்றால் OPயின் நடு வேண்டும். நடு என்றால் நடு! Oவுக்கும் Pக்கும் நடு. முதலாவது வட்டத்தின் கரை எங்கே இருக்கிறது என்று அதை யாரும் கேட்கவில்லை. கரைக்கு வெளியே விழலாம், உள்ளே விழலாம், கரையிலேயே உட்காரலாம். மூன்றரை சென்ரிமீற்றரில் விழுந்த M சரி. முதல் தடவையே சரி. அவள்தான் அதைத் திரும்பத் திரும்ப அழித்தாள்.

விஜிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் சத்தமாகவே வந்திருக்கவேண்டும், மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். அந்த நிமிடத்தில் அவளுக்குச் சித்தியும் ஞாபகமில்லை, கடிதமும் ஞாபகமில்லை. இப்படி ஒரு சந்தோசம் கணிதத்துக்குள் இருக்கிறதென்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது.

"பதினைந்து நிமிடம்."

புள்ளிவிபரம் போய்விட்டது. ஒன்றுக்குத்தான் நேரம். பஞ்சாய்ப்போன தாளுக்குக் குறுக்கே கோடு போட்டுவிட்டுப் புதுத் தாள் கேட்டாள். வட்டம், ஆரை நான்கு. OP ஏழு. வில்கள், நடு, M உள்ளே. நல்லது, அங்கேயே இரு. M இல் குத்தி O வரை திறந்து இரண்டாவது வட்டம். அது Pக்கூடாகவும் போனது, போகத்தான் வேண்டும். வெட்டிய இடம் T. PTயை இணைத்தாள். கோடு வட்டத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அளந்தாள், ஐந்து தசம் ஏழு. காரணத்துக்குப் பாடமாக்கிய வரியை எழுதிவிட்டு நிறுத்தவில்லை. "OP விட்டம், ஆகவே கோணம் OTP அரைவட்டக் கோணம், ஆகவே 90 பாகை. OT ஆரை. ஆரையின் நுனியில் ஆரைக்குச் செங்குத்தாகச் செல்வதால் PT தொடலி," என்று முழுவதையும் எழுதினாள். முற்றுப்புள்ளி வைத்தபோது மணி அடித்தது.

பாடசாலைப் படலைக்கு வெளியே வேம்பின் கீழ் பதினொரு பேரும் கூடியிருந்தார்கள். றொட்னி சேரும் வந்திருந்தார். பரீட்சை நாளில் வந்து நிற்பது அவருடைய வழக்கம்.

"தொடலி வந்துதா?" என்றார். அவருடைய முகம் மலர்ந்திருந்தது.

"வந்துது சேர், ஆனா அது பிழையா வந்துது," என்றான் சசிகரன். "M உள்ளுக்க விழுந்திட்டுது. நான் அளந்து ஒரு சென்ரிமீற்றர் வெளியில தள்ளி வைச்சிட்டன்."

"நானும்," என்றான் நிறோஜன். "கோடு வெட்டிச்சுது. பிறகு அடிமட்டத்தை நகர்த்தித் தொட வைச்சன்."

நானும், நானும் என்று குரல்கள் வந்தன. ஸரீனாவும் தலையை ஆட்டினாள். றொட்னி சேர் வினாத்தாளை வாங்கிப் பார்த்தார். நான்கு. ஏழு. அவருடைய உதடு அசைந்தது, பாதியாக்கிப் பார்க்கிறார் என்று விஜிதாவுக்குத் தெரிந்தது. அவர் விளங்கிக்கொண்ட கணமும் தெரிந்தது. காதின் நுனிவரை சிவந்துபோனார்.

பத்து முகங்கள் அவரைப் பார்த்தபடி நின்றன.

"கேள்வியில பிழை இருக்கும்," என்றார் அவர். "பாப்பம். இப்பிடியான கேள்விக்குச் சிலவேளை எல்லாருக்கும் மார்க்ஸ் குடுப்பினம்."

ஒரு பெருமூச்சு எல்லோரிடமிருந்தும் ஒன்றாக வந்தது. சசிகரன் சிரித்தேவிட்டான். ஸரீனா, "அல்ஹம்துலில்லாஹ், நான் செத்துப்போனன்," என்று நெஞ்சில் கை வைத்தாள்.

பேசாமல் போயிருக்கலாம். விஜிதாவுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அந்தச் சந்தோசம் இன்னும் சூடாறாமல் இருந்தது, அவளால் அதைப் பொத்திவைக்க முடியவில்லை.

"கேள்வி சரி சேர்," என்றாள். "M உள்ளுக்கதான் விழவேணும். OPயின்ர நடு அதுதானே. நான் உள்ளுக்கே வைச்சுத்தான் கீறினனான்."

"ஒரு சென்ரிமீற்றர் எண்டு சொன்னதே நீங்கள்தானே ரீச்சர்," என்றாள் ஸரீனா.

சத்தமாகச் சொல்லவில்லை. தான் சரியென்றால் மற்றவர்கள் எல்லோரும் பத்து மார்க்ஸை இழந்தவர்கள், அதுவும் தான் சொன்ன சோதனையால் இழந்தவர்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சேர் குனிந்து மோட்டார்சைக்கிள் சாவியைத் தேடினார். ஒருவரும் அவளோடு பேசாமல் பஸ்ஸுக்கு நடந்தார்கள். இலுப்பைக்கடவை வரை அவள் ஜன்னலோரம் தனியாக இருந்து வந்தாள். சரியாகச் செய்ததுக்கு இவ்வளவு வெட்கப்படவேண்டியிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

பெறுபேறு வந்தபோது பதினொரு பேரில் மூன்று பேர் சித்தி. விஜிதாவுக்கு S, சித்தியிலேயே கடைசி. பிரதீபன் தொலைபேசியை நாலு தரம் வாங்கிப் பார்த்தான். முன்பள்ளியில் கையெழுத்துப் புத்தகத்தில் அவளுடைய பெயர் அடுத்த தவணைக்கும் எழுதப்பட்டது. ஸரீனாவுக்குச் சித்தி இல்லை. இனி ஒரேயொரு தடவைதான் என்று மேலிடம் அவளுக்கு அவகாசம் கொடுத்திருந்தது. விஜிதா மூன்று தரம் அழைப்பெடுத்தாள், ஸரீனா எடுக்கவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸரீனாவே அழைப்பெடுத்தாள். குரலில் பழைய கோபம் இல்லை.

"ரீச்சர், கோவிக்காதீங்கோ, அப்ப எனக்கு மனசு சரியில்லை. இப்ப திரும்ப றொட்னி சேரிட்டத்தான் போறன். சேர் நல்லா மாறிட்டார். இப்ப மூண்டு, எட்டுப் போடுறதே இல்லை."

"அப்ப என்ன போடுறார்?"

"நாலும் ஏழும்தான். ஒவ்வொரு கிழமையும் நாலும் ஏழும். எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் கீறலாம். நானே ஒரு சோதனையும் கண்டுபிடிச்சன், வகுப்பில எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திருக்கிறன்." ஸரீனாவின் குரலில் பெருமை தெரிந்தது. "M வட்டத்துக்குள்ள சரியா அரைச் சென்ரிமீற்றரில விழவேணும். வெளியில விழுந்தா அழிச்சிட்டுத் திரும்பக் கீறவேணும்."

விஜிதா சுவரில் தொங்கிய மணிக்கூட்டைப் பார்த்தாள். சிலாவத்துறைக்குப் போக மன்னாரில் பஸ் மாறவேண்டும், போய்ச்சேர நாலு மணியாகும்.

"ரீச்சர்," என்றாள். "வீட்டில இருங்கோ. நான் வாறன்."